பன்னிரண்டால் சரியாக வகுத்தும் பிப்ரவரியில் பணம் போதவில்லை: உங்கள் வீட்டில் எப்படி?

செக்காலைவாசி, காரைக்குடி

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய செலவு நான்கு. பிப்ரவரியில் மருத்துவக் காப்பீடு 14,400. ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 30,000. அக்டோபர் வாக்கில் தீபாவளிக்கு 12,000. டிசம்பரில் ஆயுள் காப்பீடு 9,600. மொத்தம் 66,000, மாதத்துக்கு 5,500. போன வருடம் ஜனவரியில் இதற்கென்றே தனிக் கணக்கு தொடங்கி, சம்பளம் வந்த அன்றே அந்த 5,500-ஐ அதில் போட ஆரம்பித்தேன்.

பிப்ரவரியில் பார்த்தால் கணக்கில் 11,000தான் இருந்தது. 3,400 குறைந்தது. ‘முப்பது நாள் அவகாசம் இருக்கே’ என்று வீட்டில் சொன்னார்கள். எட்டு நாள் கழித்துப் புரட்டிக் கட்டினோம். அந்த எட்டு நாளில் ஒரு ராத்திரி அத்தைக்கு நெஞ்சு வலி. நல்லவேளை, வாயுதான். அப்புறம்தான் பாலிசியை எடுத்துப் படித்தேன். மொத்தமாகக் கட்டும் பாலிசிக்கு அந்த அவகாசம் பாலிசி அறுந்து போகாமல் காக்கும், அவ்வளவுதான். இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரிச் செலவு நம்முடையது. ஜூனில் மறுபடி 8,000 குறைய, வளையலை அடகு வைத்து, அவர் போனஸில் மீட்டோம். கணக்கில் எங்கே தப்பு?

கண்டனூர்க்காரன்

தனிக் கணக்கு என்றாலே கை வைக்கத் தோன்றும். போஸ்ட் ஆபீஸில் ஆர்டி போடுங்கள் அக்கா. நான் போட்டிருக்கிறேன், எடுக்கவே முடியாது.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தம்பி, கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்வது சரி. ஆனால் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடம். மூன்று வருடம் ஆகாமல் முடிக்க விடமாட்டார்கள். வருகிற ஜூன் கட்டணத்துக்கு அது உதவாது. வங்கியில் 12 மாத ஆர்டி உண்டு, அது பொருந்தும்.

அம்மா, நீங்கள் வகுத்தது சரி. தொடங்கிய மாதம்தான் சரியில்லை. பெரிய செலவு முடிந்த மறுமாதம், அதாவது ஜூலையில், இதே 5,500-ஐத் தொடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அக்டோபரில் 22,000 சேரும், தீபாவளி போக 10,000. டிசம்பரில் 21,000, காப்பீடு போக 11,400. பிப்ரவரியில் 22,400, மருத்துவக் காப்பீடு போக 8,000. ஜூனில் சரியாக 30,000. ஒரு மாதமும் இடிக்காது.

ஜனவரியில் தொடங்கினால் ஜூனுக்குள் 33,000தான் போட முடியும். அதற்குள் 44,400 வெளியே போயாக வேண்டும். வித்தியாசம் 11,400. அதை முதலிலேயே கையிலிருந்து போட்டிருக்க வேண்டும். நீங்கள் அப்புறம் வெளியிலிருந்து புரட்டியதும் 3,400, 8,000. கூட்டினால் அதே 11,400தான். அதனால் அந்தப் பள்ளம் அடைபட்டுவிட்டது. இந்த டிசம்பரில் காப்பீடு கட்டிய பிறகு கணக்கில் 11,400 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டி ஓடும். ஜூன் முடிந்ததும் புதுக் கட்டணத்தை வைத்து மறுபடி கூட்டி வகுக்க வேண்டும்.

புதுவயல் கடைக்காரர்

எவ்வளவு தள்ளி எடுத்தீர்கள்? எங்கள் சீட்டில் மூன்றாம் மாதமே ஏலம் கேட்டு எடுத்தேன், பள்ளிக் கட்டணம் முடிந்தது.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

இது சீட்டு இல்லை அண்ணாச்சி, அவர்கள் பணம் அவர்கள் கணக்கில். சீட்டில் முன்னால் எடுத்தால் தள்ளுபடி போகும், மீதித் தவணையும் கட்ட வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி

எங்களுக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாது. முன்னோருக்குச் செய்யும் படைப்புதான் பெரிய செலவு. பங்காளிகள் கூடிப் பேசினால்தான் எங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியும். ஒரு வருடம் கொஞ்சம், மறு வருடம் சமையலுக்கும் வேட்டி சேலைக்கும் எகிறிவிடும். போன மூன்று வருடத்தில் எது அதிகமோ அதைப் பன்னிரண்டு பங்காக்கி மாதாமாதம் எடுத்து வைக்கிறேன். மிஞ்சினால் பிள்ளையார் நோன்புக்கு. பிள்ளைகள் சராசரி போதும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

செக்காலைவாசி, காரைக்குடி

ஐயா, பாஸ்புக்கைப் பார்த்தேன். டிசம்பர் காப்பீட்டுக்குப் பிறகு 9,900. 1,500 குறைகிறது. யோசித்தால், ஐப்பசியில் குன்றக்குடிக் கல்யாணத்துக்கு மொய்யை இதிலிருந்துதான் எடுத்தேன், திருப்பிப் போடவில்லை. பிப்ரவரியைத் தாண்டிவிடும், ஜூனில் அந்த 1,500 இடிக்கும். பொங்கலுக்குள் போட்டுவிடுகிறேன்.

மொய்யையும் ஐந்தாவது செலவாகச் சேர்த்துக்கொள்ளலாமா ஐயா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எத்தனை கல்யாணம் வரும் என்று யாருக்குத் தெரியும் அம்மா? நான் அதை மாதச் செலவிலேயே வைத்திருக்கிறேன். கணக்குக்குள் விட்டால் பள்ளிப் பணத்தைத் தின்றுவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி

வைகாசி, ஆவணியில் மாதச் செலவில் எப்படி அடங்கும்? எனக்கு அடங்கியதே இல்லை.