ரத்தப் பரிசோதனை முடிவு சரியில்லை என்பதை மெசேஜில் எழுதுவது எப்படி? சிறுநீரகக் கணக்கு 52 வந்த ஒருவரின் கதை

வேப்பமரம் (பொது மருத்துவர்)

நேரில் சொன்னால் முகம் பார்த்துச் சொல்லலாம், கேள்வி வந்தால் அங்கேயே பதில் சொல்லலாம். மெசேஜில் அது முடியாது. வாரத்தில் பல தடவை எழுத வேண்டியிருக்கும் ஒரு ரகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: அவசரமும் இல்லை, அப்படியே விட்டுவிடவும் முடியாது என்ற ரகம்.

58 வயது அம்மா. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் போன வருடம் ரத்தத்தில் 1.0, அதை வைத்துக் கணக்கிட்ட வடிகட்டும் வேகம், அதாவது இ.ஜி.எஃப்.ஆர், 66. இப்போது 1.2, கணக்கு 52. பொட்டாசியம் 4.6, அதில் குறையில்லை. அவருக்குப் போன மெசேஜ் இது:

"உங்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவு அசாதாரணமாக உள்ளது. இ.ஜி.எஃப்.ஆர் 52, நிலை 3ஏ. விரைவில் மருத்துவரை அணுகவும்."

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் போயிருக்கிறது. கிளினிக் மூடிவிட்டது. திங்கள் காலை அவர் வந்தபோது டயாலிசிஸ் எப்போது என்று கேட்டார். இரண்டு நாளாக டெல்மிசார்டனை நிறுத்தியிருந்தார், "கிட்னியைக் கெடுப்பது பிரஷர் மாத்திரைதான்" என்று யாரோ சொன்னார்களாம். டைக்ளோஃபெனாக்கை மட்டும் விடவில்லை. எதை நிறுத்த வேண்டுமோ அது ஓடியது, எது ஓட வேண்டுமோ அது நின்றது.

இதே நிலையில் உள்ளவருக்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள்? உங்களிடம் வந்தவர்கள் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கடலோரம்

முதல் வரியிலேயே "பயப்பட வேண்டாம்" என்று போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதோடு 52 என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. "சிறுநீரகம் 52 சதவீதம் வேலை செய்கிறது" என்று எழுதலாம். எங்கள் பிரிவில் அப்படித்தான் சொல்கிறோம்.

தாழம்பூ (சிறுநீரகப் பிரிவு செவிலியர்)

கடலோரம் சார், எண்ணுக்கு ஒரு பொருள் சொல்ல வேண்டும் என்பது சரிதான். ஆனால் சதவீதம் என்றதும் வாசிப்பவர் மனதில் "பாதி போய்விட்டது" என்றுதான் விழும். இந்த அம்மாவுக்குப் போன வருடமே 66 தான். 100-இலிருந்து 52-க்கு விழவில்லை. கணக்கு 15-க்குக் கீழே போனவர்களிடம் சதவீதமாகச் சொன்னால் நிலைமை ஓரளவு சரியாகப் புரிகிறது. 52-இல் அது தேவையில்லாத அதிர்ச்சி. பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்து "போன வருடம் 66, இப்போது 52, 60-க்கு மேல் இருந்தால் நல்லது" என்று எழுதினால் அளவும் தெரியும், போக்கும் தெரியும்.

"பயப்பட வேண்டாம்" என்று தொடங்குவதையும் நான் விட்டுவிடுவேன். அதைப் படித்ததும் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். அதற்குப் பதிலாக எவ்வளவு நாள் அவகாசம் இருக்கிறது என்பதை எழுதுங்கள். "விரைவில்" என்பதை ஒருவர் இன்று ராத்திரி என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அடுத்த மாதம் என்று எடுத்துக்கொள்வார். "இரண்டு வாரத்துக்குள்" என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அம்மா. உங்கள் செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை பற்றி எழுதுகிறோம். இன்றே ஓடிவர வேண்டிய முடிவு இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்ற கணக்கு 52 வந்திருக்கிறது. 60-க்கு மேல் இருந்தால் நல்லது. போன வருடம் உங்களுக்கு 66 இருந்தது. பொட்டாசியம் சரியாக இருக்கிறது. இந்த ஒரு முடிவை மட்டும் வைத்துச் சிறுநீரக நோய் என்று சொல்ல முடியாது. வலி மாத்திரையாலும், உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் இப்படி வரும். அதனால்தான் திரும்பப் பார்க்கிறோம்.

முட்டி வலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். வலித்தால் பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரை உட்பட மற்ற எதையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வாருங்கள். முந்தின நாள் இரவு இறைச்சி வேண்டாம். தண்ணீர் வழக்கம்போல் குடியுங்கள்.

அதற்குள் வாந்தி பேதி நிற்காமல் போனாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, முகம் கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.

படித்ததும் 'பார்த்தேன்' என்று ஒரு பதில் போடுங்கள். இன்று ஐந்து மணி வரை இதே எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம்."

மாத்திரையின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். "வலி மாத்திரையைத் தவிர்க்கவும்" என்றால் பாரசிட்டமாலை நிறுத்திவிட்டு டைக்ளோஃபெனாக்கைத் தொடர்பவர்களும் உண்டு, அதை அவர்கள் "முட்டி மாத்திரை" என்றுதான் சொல்வார்கள். இறைச்சி பற்றிய வரியும் சும்மா இல்லை. சமைத்த இறைச்சி சாப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கிரியாட்டினின் ஏறிக் காட்டும். மறுபரிசோதனைக்கு முந்தின 12 மணி நேரம் தவிர்த்தால் அந்தக் குழப்பம் இருக்காது.

இரும்புக்கை

எனக்கும் கிரியாட்டினின் 1.4 வந்தது. ஜிம்முக்குப் போகிறேன், தினமும் கிரியேட்டின் பவுடர் எடுக்கிறேன். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து. இதற்கு என்ன மாத்திரை சாப்பிட வேண்டும்?

தாழம்பூ

தம்பி, இங்கே பேசுவது மெசேஜ் எழுதும் விதம் பற்றி. மாத்திரை எதையும் இங்கே கேட்டு வாங்காதீர்கள். பவுடர் எடுப்பதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிரியேட்டினாலும் தசை அதிகம் இருந்தாலும் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கிரியாட்டினின் கூடுதலாகக் காட்டலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள், அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை.

ஆனால் நீங்கள் கேட்டதால் ஒன்று தோன்றுகிறது. "பவுடர், நாட்டு மருந்து, கடையில் நீங்களாக வாங்கிய மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? பெயரைப் பதிலில் எழுதுங்கள்" என்று ஒரு வரி மேலே உள்ள மெசேஜில் சேர்க்க வேண்டும். நான் அதை விட்டிருக்கிறேன்.

வெள்ளைக்கோட்டு (பரிசோதனைக் கூடம்)

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். எந்த முடிவை மெசேஜில் சொல்லவே கூடாது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இதே ரத்தத்தில் பொட்டாசியம் 6.5 என்றால் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, போன் அடித்து ஆளைப் பிடிக்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்திருந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், அதை மாதிரியின் நிறத்திலேயே நாங்கள் பார்ப்போம். அப்போதும் "மாதிரி கெட்டுவிட்டது போலிருக்கிறது" என்று மெசேஜ் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது, அன்றே மறுபடி எடுக்க வேண்டும். கிரியாட்டினினும் அப்படித்தான். ஒரு வருடத்தில் 1.0 இலிருந்து 1.2 ஆனது வேறு. இரண்டு நாளில் 0.3 ஏறினால் திடீர்ச் சேதம் என்று எடுத்துக்கொள்வார்கள், அது போனில் சொல்ல வேண்டிய விஷயம். புற்றுநோய் என்று வந்த திசுப் பரிசோதனை முடிவையும் மெசேஜில் விடக்கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, சாதாரண எஸ்.எம்.எஸ்ஸில் தமிழ் எழுத்து என்றால் ஒரு துண்டுக்கு 70 குறிகள்தான். தொடர்ச்சியாக அனுப்பும்போது துண்டுக்கு 67. ஒற்றும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும் என்பதால் தாழம்பூ மேடம் எழுதியது பதினைந்து துண்டுக்கு மேல் போகும். சில போன்களில் துண்டுகள் முன்பின்னாக வந்துசேரும். "சிறுநீரக நோய் என்று" ஒரு துண்டிலும் "சொல்ல முடியாது" அடுத்த துண்டிலும் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எஸ்.எம்.எஸ் மட்டும் உள்ளவருக்கு முடிவை எழுதாமல், "பரிசோதனை பற்றிப் பேச இன்று நான்கு மணிக்குக் கூப்பிடுகிறோம், அவசரமில்லை" என்பதோடு நிறுத்துவது நல்லது.

கடலோரம்

ஆனால் "பேச வேண்டும், கூப்பிடுகிறோம்" என்று மட்டும் போட்டால் நாலு மணி வரை அவர் நெருப்பில் நிற்க மாட்டாரா?

வெள்ளைக்கோட்டு

நிற்பார். அதனால்தான் காத்திருக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று மணிக்கு அனுப்பி நான்கு மணிக்குக் கூப்பிடுங்கள். காலையில் அனுப்பாதீர்கள்.

வேப்பமரம்

பூட்டிய திரையில் முதல் வரி தெரியும் என்பதையும் சேர்க்கிறேன். போன் மகன் கையில் இருக்கும், பேத்தி கையில் இருக்கும். "சிறுநீரகம்" என்ற சொல் முதல் வரியில் இல்லாமல் தாழம்பூ மேடம் எழுதியிருப்பது அதற்கும் உதவுகிறது. யார் எண்ணுக்கு அனுப்பலாம் என்பதை ரத்தம் எடுக்கும்போதே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும்.

"பார்த்தேன்" என்ற பதில் வராவிட்டால்?

தாழம்பூ

மறுநாள் மதியத்துக்குள் வராவிட்டால் போன். நீல டிக் விழுந்தால் போதும் என்று விடக்கூடாது, யார் திறந்தார்கள் என்று டிக் சொல்லாது. கூப்பிடும்போது "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

மழைக்காலன்

நீங்கள் அழகாக எழுதி முடிப்பதற்குள் பரிசோதனைக் கூடத்தின் ரிப்போர்ட் அவர் போனுக்குத் தானாகப் போய்விடுகிறதே? அதில் "நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3ஏ" என்று அச்சாகியிருக்கும். அதைப் படித்தவருக்கு நம் மெசேஜ் சமாதானம் போலத்தான் தோன்றும்.

வேப்பமரம்

ரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிடுவது ஒரு வழி: "இன்று இரவு ரிப்போர்ட் உங்கள் போனுக்கு வரும், சில எண்கள் சிவப்பாக இருக்கலாம், நாளை ஐந்து மணிக்குள் டாக்டர் விளக்கம் எழுதுவார்." சொன்ன நேரத்துக்குள் எழுதியே ஆக வேண்டும். தவறினால் சொல்லாமலே இருந்ததைவிட மோசம். எல்லா முடிவும் சரியாக இருந்தாலும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நம் மெசேஜ் வந்தாலே கெட்ட செய்தி என்றாகிவிடும்.

மழைக்காலன்

அந்த அச்சு வரியையே எடுத்துவிடலாமே? மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தானே நாள்பட்டது? ஒரே பரிசோதனையில் எப்படி அப்படிப் போடலாம்?

வெள்ளைக்கோட்டு

எங்கள் மென்பொருள் எண்ணை மட்டும் பார்த்து அந்த வரியைப் போடுகிறது, பழைய முடிவைப் பார்ப்பதில்லை. எடுக்கச் சொல்லிச் சில மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்த வரி இல்லாவிட்டால் 52-ஐ யாரும் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள் என்று. "மூன்று மாதம் நீடித்தால் மட்டுமே" என்று சேர்த்துப் போடலாம் என்பது என் யோசனை. இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாழம்பூ

அது வரை மெசேஜில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: "ரிப்போர்ட்டில் 'நிலை 3ஏ' என்று இருக்கும். அது இந்த எண்ணுக்கு இயந்திரம் போடும் பெயர். உங்களுக்கு அது பொருந்துமா என்பது மறுபரிசோதனைகளுக்குப் பிறகுதான் தெரியும்." வியாழக்கிழமை முடிவு மறுபடி 50-களில் வந்தாலும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இல்லாமல் இருந்தால் அடுத்த மெசேஜில் மூன்று மாதம் கழித்து ஒரு தேதி கொடுப்பேன். அல்புமின் இருந்தால் எழுதமாட்டேன், நேரில் வரச் சொல்வேன்.