கூப்பன் கோடில் 84 ஆர்டர்: அதெல்லாம் ரீல் கொண்டுவந்ததா?

தண்டையார்பேட்டை சீரம்
எங்களுடையது சின்ன ஃபேஸ் சீரம் பிராண்ட். இன்ஸ்டாவில் ரீல் போடும் ஒரு பெண்ணுக்கு, மாதம் 1ஆம் தேதி வந்த ஒரு ரீலுக்காக 30,000 ரூபாய் கொடுத்தோம். 3 லட்சம் வியூஸ். அந்தப் பெண் சொன்ன 10% கோடில் ரெண்டு வாரத்தில் 84 ஆர்டர். இது நிஜ விற்பனைதானா? அடுத்த ரீலுக்குப் பணம் போடலாமா?

ரீல் ரசிகன்
84 பேர் அவர் கோடை அடித்தே வாங்கியிருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கோடு போட மறந்தவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

கணக்குப்பிள்ளை
மறந்தவர்கள் இருப்பார்கள், சரி. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் பெட்டியைப் பார்த்ததும் கூகுளில் கோடு தேடுகிறவர்களும் இருக்கிறார்களே! எப்படியும் வாங்க வந்தவருக்கு நீங்களாகவே 10% விட்டுக்கொடுத்தீர்கள். அக்கா, அந்த 84 போன் நம்பர்களைப் பழைய ஆர்டர்களில் தேடுங்கள். ஊர்வாரியாக முன்னும் பின்னும் எத்தனை ஆர்டர் என்றும் சொல்லுங்கள்.

முகப்பரு மோகன்
என் தங்கைக்கு இந்த சீரம் ஒத்துக்கொள்ளுமா?

தண்டையார்பேட்டை சீரம்
(மோகன், அதைத் தோல் டாக்டரிடம் கேளுங்கள் தம்பி.) 84இல் 31 பேர் பழைய வாடிக்கையாளர்கள்! சென்னையில் வாரத்துக்கு 80 ஆர்டர் வரும், ரீலுக்குப் பின் ரெண்டு வாரத்தில் 230. கோவையும் மதுரையும் சேர்த்து வாரத்துக்கு 40 வரும், அங்கே ரெண்டு வாரத்தில் 90. அந்தப் பெண்ணின் ரீலைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள்தான், இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை
ரீல் அதிகம் போகாத கோவை, மதுரையிலேயே 80 வரவேண்டிய இடத்தில் 90 வந்திருக்கிறது. சம்பள வாரம் அப்படித்தான். அதே எட்டில் ஒரு பங்கு ஏற்றம் சென்னைக்கும் இருந்திருந்தால், ரீலே இல்லாமல் 160க்கு 180 வந்திருக்கும். வந்தது 230. அப்படியானால் ரீலின் கணக்கில் 50தான். செலவெல்லாம் போக ஒரு ஆர்டரில் எவ்வளவு நிற்கும்?

தண்டையார்பேட்டை சீரம்
220 ரூபாய்.

கணக்குப்பிள்ளை
அப்போது 11,000. கொடுத்தது 30,000.

ரீல் ரசிகன்
கோவைக்காரர்கள் இன்ஸ்டா பார்ப்பதில்லையா? அந்தப் பத்தும் ரீலால் வந்ததாக இருக்கலாமே.

கணக்குப்பிள்ளை
இருக்கலாம், நல்ல கேள்வி. அப்படி எடுத்தால் சென்னையில் 70, அங்கே 10, மொத்தம் 80. அப்போதும் 17,600தான் வருகிறது.

எம்.சி. ரோடு ஃபேன்சி
எங்கள் கடையில் பெண்கள் போனில் ரீலைக் காட்டி "இது இருக்கா அண்ணா" என்று கேட்கிறார்கள். கோடாவது ஒன்றாவது! வண்ணாரப்பேட்டைக் கடை விற்பனை உங்கள் கணக்கில் எங்கே?

கணக்குப்பிள்ளை
இல்லைதான் அண்ணே. அக்கா, கடைகளுக்குப் போன சரக்கு பில்லையும் முன்னும் பின்னும் பாருங்கள். ஆனால் கடைக்காரர் வாங்கி அடுக்கியதை விற்றதாக எண்ணாதீர்கள், மறுபடி எப்போது கேட்கிறார் என்று பாருங்கள்.

ரீல் ரசிகன்
புதிதாக வந்தவர்கள் திரும்ப வாங்கினால் மீதிப் பணமும் வந்துவிடும்.

தண்டையார்பேட்டை சீரம்
ஒரு பாட்டில் ஒன்றரை மாதம் வரும். புது ஆட்கள் 53 பேரைத் தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் அடுத்த ரீலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார், இந்த முறை 35,000.