வாஷிங் மெஷினுக்கு எந்த விலையில் அலர்ட் வைப்பது?

குழு: எங்கள் தெரு, தண்டையார்பேட்டை

கீதா: அனைவருக்கும் வணக்கம். முன்பக்கக் கதவு வைத்த 7 கிலோ வாஷிங் மெஷின் ஒன்றை அமேசானில் பார்த்து வைத்திருக்கிறோம். 45,000 ரூபாயை அடித்துவிட்டு 33,990 என்று போட்டிருக்கிறார்கள். இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

லோகு: விஷ்லிஸ்ட்டில் போட்டுவிடுங்கள் அக்கா, விலை இறங்கினால் அதுவே காட்டும். தீபாவளிக்கு முந்தைய விற்பனையில்தான் குறையும். அதுவரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முருகேசன்: லோகு சொல்வது பாதி சரி. விஷ்லிஸ்ட், நாம் சேர்த்த நாளின் விலையோடுதான் ஒப்பிடும். விலை ஏறியிருந்த நாளில் சேர்த்திருந்தால், அது வழக்கமான விலைக்குத் திரும்புவதே பெரிய இறக்கமாகத் தெரியும். அந்த 45,000 பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை, அதை மறந்துவிடுங்கள். அமேசான் விலைகளின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் கீப்பா தளத்தில் அந்த மெஷினின் லிங்கை ஒட்டி, ஓராண்டு விலைக்கோட்டைப் பாருங்கள் கீதா. நாம் குறித்த விலைக்கு இறங்கினால் தெரிவிக்கும் அலர்ட்டையும் அங்கேயே வைக்கலாம்.

சரோஜா: அலர்ட் வைத்தால் அந்த விலைக்கு நமக்கென்று எடுத்து வைத்துவிடுவார்களா தம்பி?

முருகேசன்: இல்லை அம்மா, தகவல் மட்டும்தான் வரும். நாம் திறப்பதற்குள் சரக்கு தீர்ந்தும் போகலாம்.

நஸ்ரின்: என் மகனின் லேப்டாப்புக்கு அலர்ட் வந்தது, ஓடிப்போய்த் திறந்தால், அந்த விலைக்கு விற்பவர் நம் பின்கோடுக்கு அனுப்புவதில்லை என்று வந்தது. எங்களுக்கு அனுப்புகிறவரின் விலை குறையவே இல்லை.

கீதா: கோட்டைப் பார்த்தேன் அண்ணா. பெரும்பாலும் 33,000-க்கும் 34,000-க்கும் நடுவே நிற்கிறது. அக்டோபரிலும் ஜனவரியிலும் சில நாட்கள் 30,990. ஒரே ஒரு நாள் மட்டும் ஊசி போல 27,500-க்கு இறங்கி ஏறியிருக்கிறது. அதனால் 29,500-க்கு அலர்ட் வைத்துவிட்டேன்.

முருகேசன்: அந்த ஊசியை நம்ப வேண்டாம்; நஸ்ரின் அக்கா சொன்னது போன்ற விற்பவராகவும் இருக்கலாம். சில நாட்கள் தட்டையாக நின்ற 30,990-தான் உண்மையான அடிவிலை. கார்டு தள்ளுபடி அலர்ட்டின் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் கணக்கில் எடுங்கள். விற்பனை நாளில் பத்து சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் கழிவு என்று வைத்துக்கொண்டால், 30,990 என்று காட்டும் மெஷினுக்கு நீங்கள் கட்டுவது 29,490 ரூபாய். அதாவது நீங்கள் கேட்ட விலை கையில் கிடைக்கிற அன்றும், 29,500-க்கு வைத்த அலர்ட் வாயே திறக்காது. 31,500 என்று மாற்றுங்கள்.

லோகு: எந்த வங்கிக் கார்டுக்குக் கழிவு தருவார்கள் என்பது விற்பனை நெருங்கும்போதுதானே தெரியும் அண்ணா?

முருகேசன்: ஆமாம், அதை இப்போதே சொல்ல முடியாது. கார்டு அமையாவிட்டாலும் 30,990 நியாயமான விலைதான்.

கீதா: மாற்றிவிட்டேன். ஆனால் பழைய மெஷினின் பேரிங் இப்போதே இரைகிறது. மெக்கானிக் நாளை வருகிறார். அக்டோபர் வரை தாங்காது என்று அவர் சொல்லிவிட்டால், அலர்ட்டுக்குக் காத்திராமல் 33,990-க்கே வாங்கிவிடுவோம்.