அழுகை நின்றும் உள்ளே போகாத வீக்கம்: எங்கள் மகனின் பத்தாவது வாரம்

குறைமாதப் பிள்ளையின் அம்மா:
என் மகன் 34 வாரத்தில் பிறந்தவன். ஒன்பது வாரம் ஆனபோது, குளிப்பாட்டுகையில் வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பைப் பார்த்தேன். அழுதால் வரும், தூங்கினால் இருந்த இடம் தெரியாது. மருத்துவரிடம் காட்டிய அன்று பார்த்து அது வெளியே வரவே இல்லை. நல்லவேளை, வீக்கம் இருந்தபோது கைபேசியில் எடுத்த படம் இருந்தது. அதைப் பார்த்ததும், "இது குடலிறக்கம். தானாக மூடாது, அறுவை சிகிச்சைதான் வழி" என்று சொல்லி அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தார்.

அந்த நாள் வருவதற்குள், பத்தாவது வாரத்தில் ஓர் இரவு பதினோரு மணிக்கு அழ ஆரம்பித்தான். பசி அழுகை இல்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். ஆடையை விலக்கினால் வீக்கம் விதைப்பை வரை இறங்கியிருந்தது. மற்ற நாட்களில் மெத்தென்று இருப்பது அன்று கல் போல இருந்தது. விரல் பட்டதும் வீறிட்டான். சிறிது நேரத்தில் இரண்டு முறை பாலைக் கக்கினான். களைத்துப்போய் அழுகையை நிறுத்திய பிறகும் வீக்கம் அப்படியே நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடனே கிளம்பிவிட்டோம்.

மருத்துவமனையில் முதல் வேலையாகக் கத்தியை எடுக்கவில்லை. ஊசி போட்டு வலியைத் தணித்தார்கள், கால் பக்கம் உயரமாக இருக்கும்படி படுக்க வைத்தார்கள். அவன் அசந்த பிறகு அறுவை மருத்துவர் ஒரு கை விரல்களால் வீக்கத்தின் கழுத்துப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடிப்பகுதியை மெதுவாக, விடாமல் அழுத்தினார். சில நிமிடங்கள் ஆகியிருக்கும். எனக்கு ஒரு யுகம். கடைசியில் களக்கென்று ஒரு சத்தம், குடல் உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பவில்லை. வீங்கிய திசு வற்றட்டும் என்று காத்திருந்து, இரண்டாம் நாள் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

மூத்த தாத்தா:
அம்மா, பிள்ளை நலமாக இருப்பது நிம்மதி. ஆனால் பச்சைக் குழந்தைக்கு அவ்வளவு அவசரமாகக் கத்தி வைக்க வேண்டுமா? என் பேரனுக்கும் இதே போல் புடைத்துக்கொண்டு இருந்தது. ஒன்றுமே செய்யவில்லை. மூன்று வயதில் தானாக மறைந்துவிட்டது.

குழந்தை அறுவைப் பிரிவில் 22 ஆண்டுகள் பணிசெய்த செவிலியர்:
ஐயா, உங்கள் பேரனுக்குப் புடைத்தது தொப்புளிலா, தொடையிடுக்கிலா?

மூத்த தாத்தா:
தொப்புளில்தான். இரண்டும் குடலிறக்கம்தானே?

செவிலியர்:
பெயர் ஒன்று, போக்கு வேறு. தொப்புளில் இருப்பது, கொடி விழுந்த இடத்துத் தசை வளையம் இன்னும் இறுகாத ஓட்டை. பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் சுருங்கி மூடிவிடும், குடல் அதில் சிக்குவது அரிது. அதனால் நீங்கள் காத்திருந்தது சரியே. தொடையிடுக்கில் இருப்பது, விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கி வந்த பாதை மூடாமல் போனதால் வருவது. குடல் வெளியே வரும் அளவுக்குத் திறந்திருக்கும் பாதை தானாகச் சரியாவதில்லை. வாசல் குறுகல் என்பதால் குடல் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் குடலுக்கு மட்டுமல்ல, பக்கத்திலேயே போகும் விதையின் ரத்த ஓட்டத்துக்கும் ஆபத்து. முதல் வருடத்தில், அதிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு, இது நடக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவேதான் நாள் தள்ளாமல் செய்யச் சொல்கிறோம்.

இந்த அம்மா கவனித்தது மிகச் சரி: அழுகை நின்றும் வீக்கம் போகவில்லை. அழும் குழந்தைக்கு வீக்கம் சற்று இறுகத் தெரிவது வழக்கம், அமைதியான பிறகும் கல்லாக நின்றால் அது சிக்கியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி பச்சையாக வந்தாலோ, வயிறு உப்பினாலோ, வீக்கத்தின் மேல் தோல் சிவந்தோ கருத்தோ போனாலோ நேரம் இன்னும் குறைவு. குடல் அழுகத் தொடங்கிய அடையாளம் இருந்தால் உள்ளே தள்ளிப் பார்க்கவே மாட்டார்கள், நேராக அறுவை அரங்குதான். வழியில் பால் கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மயக்க மருந்து கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

46 வயதுக்காரர்:
எனக்குச் சென்ற ஆண்டு இதே அறுவை சிகிச்சை நடந்தது, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். மூன்று வாரம் பாரம் தூக்கவில்லை. இவ்வளவு சிறு உடம்பில் வலை வைத்தால் வளரும்போது இழுக்காதா?

செவிலியர்:
குழந்தைக்கு வலை வைப்பதில்லை, தம்பி. உங்களுக்குத் தசை பலவீனமானது. குழந்தையின் தசையில் குறையில்லை, பாதைதான் திறந்திருக்கிறது. பை போல நீண்டிருக்கும் அந்தப் பாதையை மேலே கட்டி மூடிவிட்டால் முடிந்தது. கடினமான பகுதி, பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விதையின் ரத்தக்குழாயையும் விந்துக்குழாயையும் சேதமில்லாமல் பிரிப்பது. சிக்கி வீங்கிய திசுவில் அது இன்னும் கடினம், இரண்டு நாள் காத்திருந்ததும் அதற்காகவே.

பெண் குழந்தையின் தாய்:
என் மகளுக்கு நான்கு மாதத்தில் வந்தது. வீக்கம் பாதாம் பருப்பு அளவு, தொட்டால் உருளும், அழவே மாட்டாள். வலி இல்லையே என்று பத்து நாள் விட்டுவிட்டேன், இன்றும் மனம் உறுத்துகிறது. ஸ்கேனில் உள்ளே இருந்தது குடல் இல்லை, சினைப்பை.

செவிலியர்:
அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. பெண் குழந்தைகளிடம் நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. சினைப்பை அங்கேயே முறுக்கிக்கொள்ளலாம், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் அன்றே பேசிவிட வேண்டும்.

புது அப்பா:
என் பையனுக்கு இரண்டு மாதம், புடைப்பு தொப்புளில். அழுத்தினால் சத்தத்தோடு உள்ளே போகிறது. இறுக்கித் துணி கட்டினால் சீக்கிரம் மூடும் என்கிறார்கள். அப்படியானால் நான் கவலைப்படவே வேண்டாமா?

செவிலியர்:
கட்ட வேண்டாம். அதனால் ஓட்டை சீக்கிரம் மூடும் என்று நம்ப இடமில்லை, தோல் புண்ணாகும், கட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். அரிது என்றேனே தவிர நடக்காது என்று சொல்லவில்லை. தொப்புள் புடைப்பு இறுகி, தொட்டால் வலித்து, உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால் அதுவும் அன்றிரவே ஓட வேண்டியதுதான்.

குறைமாதப் பிள்ளையின் அம்மா:
விட்டுப்போன ஒன்று. குறைமாதத்தில் பிறந்ததால், மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரலாம் என்று அன்றிரவு முழுக்கக் கருவியில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு முறை அலறியது, செவிலியர் பாதத்தைத் தேய்த்ததும் மூச்சு விட்டான். இப்போது என் கேள்வி இடது பக்கத்தைப் பற்றியது. அதையும் திறந்து பார்த்திருக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர், வீக்கம் வராத இடத்தைத் தொட வேண்டியதில்லை என்கிறார் எங்களுக்குச் செய்தவர்.

செவிலியர்:
என்னோடு பணிசெய்த மருத்துவர்களே இதில் இரண்டு கட்சி. மறுபக்கமும் பாதை திறந்திருக்கும் குழந்தைகள் பலர், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் குடல் இறங்குவதில்லை. தேவையில்லாமல் தொட்டால் நல்ல விதைக்குச் சேதம் வரலாம் என்பது ஒரு பக்கம், பிறகு அங்கும் குடல் இறங்கினால் இன்னொரு முறை மயக்க மருந்து வேண்டியிருக்கும் என்பது மறுபக்கம். குளிப்பாட்டும்போது இடது பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

புது அப்பா:
துணியை அவிழ்த்துவிட்டேன். கீழே தோல் சிவந்துதான் இருக்கிறது.