ஐந்து அடைப்புக்குறிகளை விட்டு ஒரே சூத்திரத்துக்கு வந்த அனுபவம்

சம்பளப் பிரிவுக் கணக்கர், கோயம்புத்தூர்:

எழுபது பேர் வேலை பார்க்கும் நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கான டி.டி.எஸ். கணக்கை எக்செல் தாளில் நான்தான் போட்டு வருகிறேன். பல ஆண்டுகளாக `IF`-க்குள் `IF`, அதற்குள் இன்னொரு `IF` என்றுதான் என் சூத்திரம் இருந்தது. 2025-26 நிதியாண்டில் புதிய வரித்திட்டத்தின் அடுக்குகள் மாறியபோது எல்லைகளையும் விகிதங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஜூலை மாதத்தில் ஒருவர், வருமான வரித்துறை இணையதளத்தின் கணிப்பானில் தனக்கு வரும் தொகையைவிட நாங்கள் அதிகம் பிடிக்கிறோம் என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார்.

அவருடைய வரிக்குரிய வருமானம் 13,50,000 ரூபாய். அதற்குரிய வரி 82,500. என் தாள் 1,02,500 காட்டியது. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. 2024-25இல் 12 லட்சத்தை எட்டும்போது சேர்ந்திருந்த வரி 80,000. புதிய அடுக்குகளில் அது 60,000. இரண்டு ஆண்டுகளிலும் 12 லட்சம் ஓர் எல்லையாகவே இருந்ததால் சூத்திரத்தின் அந்த இடத்தில் திருத்த ஒன்றுமில்லை என்று என் கண் கடந்து போய்விட்டது. 12 முதல் 16 லட்சம் வரை இருந்த அனைவருக்கும் அடுக்கு வரியில் ஆண்டுக்கு 20,000 ரூபாயும் அதன்மேல் செஸ் 800 ரூபாயும் கூடுதலாகக் கணக்காகியிருந்தன. மீதி மாதங்களில் குறைத்துப் பிடித்துச் சரிசெய்தேன். ஆனாலும் அவர்களிடம் விளக்கிச் சொல்லும்போது மிகவும் வருந்தினேன்.

அதன்பின், சேர்ந்த வரி என்று எந்த எண்ணையும் எழுதி வைக்காத முறைக்கு மாறினேன். B2-வில் வரிக்குரிய வருமானம். E பத்தியில் எல்லைகள்: 4, 8, 12, 16, 20, 24 லட்சம். F பத்தியில் அந்த எல்லையைத் தாண்டும்போது விகிதம் எவ்வளவு கூடுகிறது என்பது மட்டும். 2025-26 அடுக்குகளில் ஒவ்வொன்றும் 5%.

```
=SUMPRODUCT((B2>$E$2:$E$7)*(B2-$E$2:$E$7)*$F$2:$F$7)
```

சம்பளம் 19,25,000 என்று கொள்வோம். நிலையான கழிவு 75,000 போக 18,50,000. இது 4 லட்சத்தை 14.5 லட்சமும், எட்டை 10.5 லட்சமும், பன்னிரண்டை 6.5 லட்சமும், பதினாறை 2.5 லட்சமும் தாண்டி நிற்கிறது. கூட்டினால் 34 லட்சம். அதில் 5% 1,70,000 ரூபாய். அடுக்கு அடுக்காகப் போட்டாலும் 20,000 + 40,000 + 60,000 + 50,000 என்று அதே தொகைதான் வரும். 16 லட்சத்துக்கு மேற்பட்ட ரூபாய் நான்கு எல்லைகளைத் தாண்டியிருப்பதால் நான்கு முறை 5% விழுகிறது. அதுவே அதற்குரிய 20%. இது புரிந்த பிறகு எனக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையிருக்கவில்லை.

வணிகவியல் மாணவர், திருச்சி:

எல்லாம் 5% என்றால் F பத்தியே தேவையில்லை அல்லவா? தாண்டிய தொகைகளைக் கூட்டி ஒரே முறை 5%ஆல் பெருக்கிவிட்டால் போதும். நான் அப்படித்தான் செய்து பார்த்தேன், விடை சரியாகவே வருகிறது.

தனியார் நிறுவன ஊழியர், யாழ்ப்பாணம்:

தம்பி சொல்வது உங்கள் நாட்டின் 2025-26 அடுக்குகளுக்குப் பொருந்தும். இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் நிவாரணம் போக, முதல் 10 இலட்சத்துக்கு 6%, பிறகு ஐந்தைந்து இலட்சத்துக்கு 18, 24, 30, மீதிக்கு 36%. இங்கே கூடுதல் விகிதங்கள் 6, 12, 6, 6, 6. என் மாதச் சம்பளம் 3,50,000. ஆண்டுக்கு 42 இலட்சம், நிவாரணம் போக 24 இலட்சம். கணக்கர் ஐயாவின் முறையில் 1,44,000 + 1,68,000 + 54,000 + 24,000, ஆக 3,90,000 வருகிறது. நிறுவனம் மாதந்தோறும் பிடிக்கும் 32,500 இதனுடன் பொருந்துகிறது. முதலில் நானும் எல்லாவற்றுக்கும் 6% என்று போட்டுக் குறைவான தொகையைப் பெற்றேன்.

கணக்கர், கோயம்புத்தூர்:

ஆம், 2024-25இல் எங்கள் கடைசிப் படியும் 10% ஆகவே இருந்தது. F பத்தியை நீக்காதீர்கள். இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன்: என் உதவியாளர் F பத்தியில் கூடுதல் விகிதத்துக்குப் பதிலாக 5, 10, 15 என்று முழு விகிதங்களை இட்டுவிட்டார். 7 லட்சத்தை வைத்துச் சோதித்தபோது விடை சரியாக இருந்ததால் நம்பிவிட்டார். 8 லட்சம் வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. 12 லட்சத்தில் 60,000 வரவேண்டிய இடத்தில் 80,000 வரும். எனவே ஒவ்வோர் எல்லையையும், கடைசி எல்லைக்கு மேற்பட்ட ஒரு தொகையையும் வருமானமாக இட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

பள்ளி ஆசிரியை, மதுரை:

என் வரிக்குரிய வருமானம் 12,10,000. இந்தச் சூத்திரம் 61,500 காட்டுகிறது. பள்ளி அலுவலகமோ செஸ் உட்பட 10,400 என்கிறது. சூத்திரம் தவறா, அலுவலகம் குறைத்துப் பிடித்து மார்ச்சில் மொத்தமாகக் கேட்கப் போகிறதா? எனக்கு அச்சமாக இருக்கிறது.

வரி ஆலோசகர், சென்னை:

அம்மா, இரண்டும் சரியே. சூத்திரம் அடுக்கு வரியை மட்டும் தருகிறது. 87ஏ தள்ளுபடி அதற்குப் பின் வருவது. 12 லட்சம் வரை வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடும். அதைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி மிகாது. நீங்கள் 10,000 தாண்டியிருக்கிறீர்கள். எனவே வரி 10,000, செஸ் 400. இதற்கும் `IF` தேவையில்லை. அடுக்கு வரி C2-வில் இருந்தால்:

```
=MIN(C2,MAX(0,B2-1200000))
```

12 லட்சத்துக்குள் இது பூச்சியம் தரும். ஏறத்தாழ 12,70,588 வரை தாண்டிய தொகையைத் தரும். அதற்கு மேல் அடுக்கு வரியே சிறியதாகிவிடுவதால் தானாக அதற்குத் திரும்பும். செஸ் 4% இதற்குப் பிறகுதான். 50 லட்சத்துக்கு மேல் சர்சார்ஜ் வந்துவிடும். அதை இந்தத் தாளில் திணிக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

துபாயில் வசிப்பவர்:

எனக்குச் சென்னையில் வாடகை வருமானம் உண்டு. இந்த `MIN` சூத்திரத்தை அப்படியே இட்டேன், பூச்சியம் வந்தது. மகிழ்ச்சியடையலாமா?

வரி ஆலோசகர், சென்னை:

கூடாது ஐயா. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படும் தனிநபருக்கு மட்டுமே. உங்களுக்கு C2-வில் வரும் தொகையுடன் செஸ் சேர்த்ததே வரி.

கணக்கர், கோயம்புத்தூர்:

எங்களிடம் ஒருவருக்குச் சம்பளத்தோடு பங்கு விற்ற இலாபமும் இருக்கிறது. அதற்குத் தனி விகிதம் என்பதால் B2-வில் சேர்க்கவில்லை. ஆனால் இரண்டையும் கூட்டினால் 12 லட்சத்தைத் தாண்டுகிறார். `MIN` சூத்திரத்தில் எந்த வருமானத்தை இடுவது?

வரி ஆலோசகர், சென்னை:

அந்த இலாபத்தின் வரிக்குத் தள்ளுபடி கிடையாது என்பது உறுதி. சம்பளத்தின் வரியை எந்த வருமானத்தோடு ஒப்பிடுவது என்பதில் எனக்கும் உடன் பணிபுரிபவருக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. அவருடைய கணக்கைத் துறையின் கணிப்பானில் இட்டுப் பார்த்து, அது தரும் தொகையை இங்கே எழுதுங்கள்; அதை வைத்துப் பேசுவோம்.