புதுப்பிப்பு: கோல்டுஃபிஷ் வால் அழுகலும் வயிற்று வீக்கமும்

முன்பு கேட்டது: “ஒரு மீனுக்கு வால் ஓரம் வெளுத்துக் கிழியுது, இன்னொண்ணுக்கு வயிறு ஊதி செதில் விறைச்சு நிக்குது. ரெண்டுக்கும் கல்லுப்பு போடலாமா?”

நாகர்கோவில் கடைக்கார அண்ணன் மருந்து தரும் முன் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அம்மோனியா 1 பிபிஎம், துளிகூட இருக்கக் கூடாதது. ஏரோமோனாஸ் கிருமி தொட்டியில் எப்போதும் இருக்குமாம், மீன் தளர்ந்தால்தான் பிடிக்குமாம். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, வால் கிழிந்த மீனுக்குத் தனித் தொட்டியில் லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு போட்டேன். வால் ஓரத்தில் இப்போது கண்ணாடி போலப் புதுச் சவ்வு.

வீக்கத்துக்கும் கல்லுப்பே போதும் என்ற மார்த்தாண்டம் நண்பர் பாதி சரி. உள்ளே தேங்கிய நீரை இழுக்க எப்சம் உப்புதான் வேண்டும், 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். அது கிருமியைக் கொல்லாது. மீன் தின்னாததால் மருந்துத் தீனியும் வீண், அதனால் கிருமியைக் கொல்ல கனாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீரில் குளியல் கொடுக்கிறேன். பிழைக்குமா, தெரியவில்லை.

அப்புறம் தக்கலை அக்கா, வயிறு ஊதிய உங்கள் கப்பி மீனுக்குச் செதில் விறைக்கவில்லை என்றால் சினையாக இருக்கலாம், பாருங்கள்.