தேர்தல் நாள் விடுமுறைச் சுற்றறிக்கையை ஊழியர்களுக்கு எளிமையாக எழுதுவது எப்படி?

மண்டபம்_கணக்கர்:
வேலை செய்வது மண்டபத்தில் நண்டுச் சதை பிரிக்கும் கூடத்தில். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவு விடுமுறை பற்றிய சுற்றறிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டை மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நம்ம ஆட்களுக்குப் புரியுற மாதிரி நாலு வரியில எழுதிப் போடு" என்றார். ஒரே வாக்கியம் பதினோரு வரி ஓடுகிறது. நான் எழுதியது இது, சரியா என்று சொல்லுங்கள்:

"அன்புத் தோழமைகளே! ஏப்ரல் 19 தேர்தல் தினம். ஓட்டுப் போட விரும்புவோருக்கு நம் நிர்வாகம் மகிழ்ச்சியுடன் விடுப்பு அளிக்கிறது. தவறாமல் வாக்களிப்போம்!"

பாம்பன்காற்று:
அருமையாக இருக்கிறது தம்பி. சுருக்கம், அன்பு, எல்லாம் உண்டு. சட்டப் பிரிவு எண்ணெல்லாம் நண்டு உரிக்கிற அக்காமாருக்கு எதற்கு? அப்படியே போடுங்கள்.

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
போடாதீர்கள். பிரிவு எண் வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நாலு வரியில் சுற்றறிக்கை சொன்ன விஷயமே மாறிவிட்டது.

இது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. வாக்குரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும், சம்பளம் பிடிக்கக் கூடாது என்கிறது. நீங்கள் "விரும்புவோருக்கு" என்று எழுதியதும் அது கேட்டு வாங்குகிற சலுகை ஆகிவிட்டது. கேட்கக் கூச்சப்படுகிறவர் வேலைக்கு வந்துவிடுவார். "நிர்வாகம் மகிழ்ச்சியுடன்" என்றதும் முதலாளி தருகிற நன்கொடை மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் உண்டா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. அவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

இன்னொன்று, தினக்கூலி. வழக்கமாக அன்றைக்கு வராவிட்டால் கூலி இல்லை என்கிற ஆளுக்கும், விடுமுறை இல்லாதிருந்தால் என்ன கூலி கிடைத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. உங்கள் கூடத்தில் எத்தனை பேர் தினக்கூலி?

மண்டபம்_கணக்கர்:
மாதச் சம்பளம் 12 பேர். வேதாளை, தங்கச்சிமடத்தில் இருந்து தினம் வருகிற பெண்கள் 25 பேர். ஐஸ் பிளாண்டில் 4 பேர்.

ராமநாதபுரம்_ரேவதி:
இது மீன்பிடித் தடைக்கால நிவாரணச் சுற்றறிக்கையா? எங்கள் அப்பாவுக்குப் போன வருடம் தாமதமாகத்தான் வந்தது.

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
இல்லைம்மா, இது வேறு. தடைக்காலம் ஏப்ரல் 15-லேயே தொடங்கிவிடுவதால் 19 அன்று விசைப்படகு எதுவும் போகாது, அதனால் குழப்பம் வரத்தான் செய்யும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, நண்டு வந்துகொண்டுதான் இருக்கும்.

ராமநாதபுரம்_ரேவதி:
ஓ, ஓட்டு லீவா! அதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி நோட்டீஸில் "விடுப்பு" என்று போட்டார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் என் தற்செயல் விடுப்பில் ஒரு நாள் குறைந்திருந்தது. கேட்டதற்கு "விடுப்பு என்றுதானே போட்டிருக்கு" என்று பதில். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "விடுமுறை" என்று போடுங்கள், தயவுசெய்து.

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். விடுப்பு நம் கணக்கில் இருந்து நாம் எடுப்பது, விடுமுறை எல்லாருக்கும் அடைப்பது. "லீவுக் கணக்கில் சேராது" என்று வெளிப்படையாகவே ஒரு வரி போட்டுவிடலாம்.

பாம்பன்காற்று:
சட்டத்தில் விதிவிலக்கும் இருக்கிறது பாருங்கள். ஆள் வராவிட்டால் பெரிய நஷ்டம் வரும் என்றால் விடுமுறை தர வேண்டியதில்லை. நண்டு கெட்டுப்போகிற சரக்கு. அதனால் நோட்டீஸில் "வேலை இருந்தால் வர வேண்டும்" என்று சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது நிறுவனத்துக்கு இல்லை, தனித்தனி வாக்காளருக்கு. எவர் ஒருவர் இல்லாவிட்டால் அவர் செய்யும் வேலையில் ஆபத்தோ கணிசமான நஷ்டமோ வருமோ, அவருக்கு மட்டும் பொருந்தும். அமோனியா கம்ப்ரசரைப் பார்க்கிற ஆபரேட்டருக்கு அது பொருந்தும், ஆளில்லாமல் அதை விட முடியாது. சதை பிரிக்கிற 25 பேருக்கு எப்படிப் பொருந்தும்? 18-ந்தேதி சரக்கு எடுப்பதைக் குறைத்தால் முடிந்தது. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரைதான், அதனால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் தவறான நோட்டீஸ் நம் கையால் போகக் கூடாது.

பாம்பன்காற்று:
இவ்வளவையும் சேர்த்தால் மறுபடி பதினோரு வரிதான் வரும். அப்புறம் யார் படிப்பார்கள்?

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
வராது. வெட்ட வேண்டியது வேறு: பார்வை 1, பார்வை 2, நகல் யாருக்கு, சட்டப் பிரிவு, "மேற்படி", "அறிவுறுத்தப்படுகிறது". இவை போனாலே முக்கால்வாசி குறையும். யாருக்கு, என்றைக்கு, காசு எப்படி என்ற மூன்றை வெட்டக் கூடாது. நான் எழுதியது:

"ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, ஓட்டுப் போடும் நாள். அன்றைக்கு நம் கூடத்துக்கு விடுமுறை. மாதச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. தினக்கூலிக்கு வருகிறவர்களுக்கும் அன்றைய கூலி உண்டு. இந்த நாள் லீவுக் கணக்கில் சேராது. ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓட்டுப் போட்டு வர ஏற்பாடு செய்கிறோம், அலுவலகத்தில் பேசுங்கள். வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை."

படித்துக் காட்டினால் அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு விஷயம். ஸ்கிரீன்ஷாட்டின் மேல்பகுதி இருக்கிறதா? கடித எண்ணும் தேதியும் தெரிகிறதா?

மண்டபம்_கணக்கர்:
மேலே வெட்டுப்பட்டிருக்கிறது. "பார்வை 2-ல் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்குகிறது. கீழேயும் வாக்கியம் பாதியில் நிற்கிறது.

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
அப்படியானால் முழுப் பக்கத்தையும் மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் பழைய சுற்றறிக்கைகள் மறுபடி சுற்றும். 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. இந்த 2024 தேர்தல் வெள்ளிக்கிழமை. தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே பழையது மாட்டிக்கொள்ளும். மங்கலான படத்தில் 16-ம் 19-ம் ஒன்றுபோலத் தெரியும், கிழமைதான் காப்பாற்றும்.

மண்டபம்_கணக்கர்:
முழுப் பக்கம் வாங்கிவிட்டேன். தேதி சரி, "தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட" என்று வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருந்தது. ஒரு சிக்கல் பாக்கி. எங்கள் பெண்களுக்குக் கூலி நாள் கணக்கு இல்லை, கிலோ கணக்கு. "அன்றைய கூலி" என்றால் எவ்வளவு?

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
கிடைத்திருக்கக்கூடிய கூலி என்று சட்டம் சொல்கிறது. கிலோக் கூலியில் அதை எப்படிக் கணக்கிடுவது என்று அங்கே வரையறை இல்லை. நான் இருந்த இடத்தில் முந்தைய ஆறு வேலை நாட்களின் சராசரியைக் கொடுத்தோம். அதை எழுதுவதாக இருந்தால் "நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது" என்று தனியாக எழுதுங்கள். சுற்றறிக்கை சொன்னதாக எழுதக் கூடாது.

பாம்பன்காற்று:
தடைக்காலத்தில் வரத்து குறைவு. 15-க்குப் பிறகான நாட்களை எடுத்தால் சராசரி இறங்கிவிடும், முந்தைய வாரத்தை எடுத்தால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். இதை எப்படித் தீர்ப்பது?

தொண்டி_பழைய_ஹெச்ஆர்:
நானாக இருந்தால் 15-க்கு முந்தைய வாரத்தைத்தான் கேட்பேன். ஆனால் 19-ந்தேதி வேலை நடந்திருந்தால் வரத்து குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று அவர் சொன்னால், அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

மண்டபம்_கணக்கர்:
மற்ற வரிகளை இன்று மாலை கேட் பலகையில் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன். சுற்றறிக்கையின் முழு நகலும் பக்கத்திலேயே இருக்கும். படிக்கத் தெரியாத அக்காமாருக்குக் காலையில் நானே வாசித்துக் காட்டுவேன். கிலோக் கூலி வரியை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன். நாளை மேனேஜரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.